லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்த அம்மா

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. இராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இருக்கும் நான்கு பிள்ளைகளுக்கு நான் ஆன்லைனில் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கும் நேரம் அது. அங்கே அப்போது மதியம். எழுத்து கிடையாது, வெறும் பேச்சுதான். பிள்ளை வாய் திறந்தால்தான் வகுப்பே.

ஒருத்திக்கு மட்டும் வாய் வேறு இடத்தில் இருந்தது. எட்டு வயது. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால், லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து "இட்லி" என்று ஒரு கிசுகிசுப்பு வரும். அப்புறம் இவள் "இட்லி" என்பாள். மோவாய் முழுக்கச் சாக்லேட் அப்பியிருக்கும்.

ஒளிந்திருந்தது அவள் அம்மா. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று போனில் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். பட்டென்று அழுதுவிட்டார். போன தடவை ஊருக்கு வந்தபோது, பிள்ளை ஊமையா என்று பந்தியில் வைத்து யாரோ கேட்டார்களாம். இரண்டு மாதத்தில் ஊரில் தம்பியின் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. மறுபடி அந்தக் கேள்வியைத் தாங்க முடியாது என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த வகுப்பில், வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் விழுந்ததை எல்லாம் அப்படியே ஒப்பித்தாள்.

"மழை பெய்யுதுன்னு சொல்லு. சத்தமா. ஐயோ, மூக்க நோண்டாதட்டி."

ராகம் பிசகவில்லை. மற்ற மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. சமையலறையில் என் வீட்டுக்காரர் சிரித்ததும் கேட்டது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தக் கழுதைகளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, திட்டு அத்தனையும் அத்துப்படி.

அன்றிலிருந்து பாடத்தை மாற்றினேன். அம்மாக்கள் பிள்ளைகளாகக் கேமரா முன்னால் உட்கார வேண்டும், பிள்ளைகள் அம்மாவாகி வேலை வாங்க வேண்டும். பல் விளக்கினாயா, எம்புட்டு நேரம் குளிப்பாய் என்று எங்கள் ஊமைக்கிளி வெளுத்து வாங்கினாள். நான்கு தாய்மாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு சுகம்.

பால்காய்ப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் அவளுக்கு எதிரே இடம். உறவுக்கார அம்மா ஒருவர் குனிந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பந்தியே இவள் வாயைப் பார்த்தது. அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, பின்னால் வந்து நின்று கிசுகிசுத்தார். அவள் திரும்பினாள்.

"அம்மா, செத்த நேரம் சும்மா இரு. அவிய என்கிட்டதான கேக்காவ?"

அதற்குள் அவள் பள்ளிக்கூடத்து வகுப்பு, டீச்சர், மதியச் சாப்பாட்டுக் கொடுமை என்று அந்த உறவுக்காரரிடம் தமிழில் புகார் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். முடிகிற வழியாக இல்லை. அம்மா சுற்றி வந்து, சாம்பார் ஒழுகும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடது கையால் அப்பளத்தை நொறுக்கினேன்.