சாக்குச் சுற்றிய பருப்புச் சட்டி

என் அண்ணி ஒரு புண்ணியவதி. ஆனால் அன்றைக்கு அவள் செய்த காரியத்துக்கு அவளை அந்த இடத்திலேயே நாலு அறை அறையலாம் போலத்தான் இருந்தது.

அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கிளம்பும் நாள் அது. மாத்தளை ஸ்டேசனில் இரண்டு மணிக்கு ரயில். கண்டிக்குப் போய், அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து ஆறு மாதமாகப் பலாபத்வலையில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பா அவனோடு பேசவில்லை. "ஸ்டேசன் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருந்தார்.

நான் அழுது கெஞ்சினேன். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தார்.

"ஒங்கம்மா வைக்கிற மாதிரி நாலு பருப்புக் கொழம்பு வையி. பன்னெண்டு மணிக்கு எல போடு. அவன்கூட உக்காந்து சாப்பிடுறேன். அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காத."

செத்துப்போன எங்கள் அம்மா, வீட்டில் யாராவது தூரப் பயணம் போனால் அந்தக் குழம்பைத்தான் வைப்பாள். கடலைப்பருப்பை விடியலிலேயே ஊறப் போடுவாள். துவரைக்கு அரை மணி ஊறல் போதும். பாசிப்பருப்பு ஊறவே வேண்டாம், வாசம் வர வறுத்தால் சரி. சிவப்பாக இருக்கும் மைசூர்ப் பருப்பைக் கழுவிக் கடைசியில் போடுவாள். அது கால் மணியில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும்.

அப்போது கடைகளில் பருப்பு கிடைக்காத காலம். அண்ணியின் டின்களில் நாலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது எனக்குத் தெரியும். விடியலிலேயே கடலைப்பருப்பை ஊறப் போடச் சொல்லி முதல் நாளே ஆள் அனுப்பிவிட்டு, அலுவிகாரையில் என் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, தேங்காயும் வாழையிலையுமாகப் பஸ் ஏறினேன். வந்து சேரும்போது மணி பத்து.

"எங்க அண்ணி ஊறப் போட்டது?"

அவள் ஒரு சீனிப் பையை நீட்டினாள். உள்ளே பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாக நாலு பருப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"டின்னெல்லாம் அங்க கெடைக்குமோ என்னவோன்னு... முந்தாநேத்து ராத்திரியே டின்ன காலி பண்ணி துணிக்கு நடுவுல வச்சிட்டேன். ஒங்க ஆளு வந்து சொல்றதுக்கு முன்னாலயே கொட்டிட்டேன் தங்கச்சி. சொல்லப் பயமா இருந்துச்சு."

"நாலு டின்னுக்கு ஆசப்பட்டு எங்க குடிய கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன். வெளியே நாற்காலியில் இருந்த அப்பா இருமினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சல்லடையைத் தேடி எடுத்தேன். பாசியும் மைசூரும் சின்னவை, கீழே விழுந்தன. துவரையும் கடலையும் மேலே நின்றன. கையால் பொறுக்குவதும் சலிப்பதுமாக முக்கால் மணி ஓடிப் போனது. மேலே நின்ற இரண்டையும் பிரிக்க நேரமில்லை. கொதிநீரை ஊற்றி இரண்டையும் சேர்த்தே மூடி வைத்தேன். ஊற வேண்டிய நேரத்தில் பாதிகூட இல்லை. பதினொன்றரைக்கு மண்சட்டியில் மஞ்சள் போட்டு அடுப்பேற்றினேன்.

பன்னிரண்டு அடித்தது. அப்பா உள்ளே எட்டிப் பார்க்காமலே கேட்டார்: "ஆச்சா?"

"இந்தா ஆச்சுப்பா."

எங்கே ஆனது? துவரை குழைய ஆரம்பித்திருந்தது. கடலையை எடுத்து விரலில் நசுக்கினால் இரண்டாக உடைந்து நடுவில் வெள்ளையாக நின்றது. விறகைத் தள்ளித் தள்ளி என் கண்ணெல்லாம் எரிந்தது.

"சின்னப் பருப்பையும் போட்டுருவோமே" என்றாள் அண்ணி.

"இப்ப போட்டா அது கரைஞ்சு அடிப் புடிக்கும், கடலை கல்லாவே நிக்கும். சும்மா இருங்க அண்ணி."

பன்னிரண்டே முக்காலுக்குத்தான் சின்னவற்றைப் போட்டேன். அண்ணி பதற்றத்தில் புளிக்கரைசலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஒன்று போட்டேன். "புளி விழுந்தா அத்தோட சரி, விடிய விடிய எரிச்சாலும் வேகாது!" அவள் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை.

ஒரு மணிக்கு வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. பாசி குழைந்து மைசூர் கரைந்திருந்தது. கடலையில் மட்டும் இன்னும் நடுவில் அந்த வெள்ளை. அண்ணன் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான். "பரவால்ல தங்கச்சி. எங்களுக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குத்தான் அப்பா ஒத்துக்கொண்டார். அதையும் நான் பாழாக்கிவிட்டேன்.

அப்போது அப்பா உள்ளே வந்தார். அண்ணனைத் தாண்டி வந்து, அடுப்புக்கு முன்னால் குந்தி, ஒரு கடலைப்பருப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

"எறக்கு."

"வேகலப்பா."

"எறக்குன்னா எறக்கு. மூடிய எடுக்காத."

மூலையில் கிடந்த சாக்கை எடுத்துச் சட்டியைச் சுற்றினார். மேலே இன்னொரு சாக்கு. "புளி, உப்பு, தாளிதம் எல்லாத்தையும் தனியா கொண்டா. சோத்தையும் எலயையும் எடுத்துக்க."

"எங்கப்பா?"

"வேற எங்க? ஸ்டேசனுக்குத்தான்."

சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் காரின் முன் சீட்டில் ஏறினார். மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாட்பாரத்தில் பெட்டிகளுக்கு நடுவே இலையைப் போட்டோம். சாக்கைப் பிரித்து மூடியை எடுத்தபோது ஆவி முகத்தில் அடித்தது. நான் ஒரு கடலைப்பருப்பை நசுக்கினேன். வெண்ணெயாக நசுங்கியது. "வெந்துருச்சு! அப்பா, வெந்துருச்சு!" என்று ஸ்டேசனே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். புளியையும் உப்பையும் தாளிதத்தையும் போட்டுக் கலக்கினேன்.

அப்பா அகப்பையை என்னிடமிருந்து வாங்கினார். அண்ணன் இலையில் முதலில் ஊற்றினார்.

"உப்பு போதுமான்னு பாருடா."

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அண்ணன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். தலையை ஆட்டினான். பிறகு இலையை அவர் பக்கம் நகர்த்தி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்றான். இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ரயில் வந்தது, போனது.

அன்று சாயந்தரம் அப்பா வேட்டி மாற்றும்போதுதான் பார்த்தேன். இரண்டு தொடையிலும் செக்கச் செவேலென்று சூடு. ஒன்றில் கொப்புளமே கட்டியிருந்தது.

"ஐயோ, என்னாப்பா இது! சட்டி சுட்டா சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கீழ வைக்கச் சொல்லுவ" என்றார். "கீழ வச்சா ஆறிரும். ஆறிட்டா பருப்பு வேகாதே புள்ள."