இரண்டு லைன், இரண்டு நாலாவது

சித்தூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் கிளை ஆபீஸில் எழுபதுகளில் குமாஸ்தாவாக இருந்தேன். மாதக் கடைசியில் சேல்ஸ்மேன்களை வரிசைப்படுத்தி ஹெட் ஆபீஸுக்கு ஸ்டேட்மெண்ட் அனுப்புவது என் தலையில் விழுந்த வேலை. சித்தூர் லைனுக்கு, அதாவது அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு, நாலு பேர், திருப்பதி லைனுக்கு நாலு பேர். மலைக்கு வரும் கூட்டமே போதும், திருப்பதியில் பெட்டிகள் தானாகப் போகும். எட்டுப் பேரையும் ஒன்றாக வரிசைப்படுத்தினால் சித்தூர்க்காரர்கள் எப்போதும் கடைசியில்தான் கிடப்பார்கள். அதனால் லைனுக்கு லைன் தனி வரிசை.

அந்த மாதம் சித்தூரில் விற்ற பெட்டிகள் அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு. ஒன்று, இரண்டு, இரண்டு, நாலு என்று போட்டேன். கடைசி ஆளுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள் அல்லவா, அவர் நாலாவது. திருப்பதி ஷீட்டை எடுக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, கண் எரிந்தது. நூற்று நாற்பதில் இரண்டு பேர், அப்புறம் நூற்று இருபத்தொன்று, நூற்று ஒன்பது. ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் கவரில் போட்டுவிட்டேன். நியாயமாகக் கடைசி இரண்டு பேருக்கும் மூன்று, நாலு என்று வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ஒவ்வொரு லைனிலும் மூன்றாவது இடம் வரைதான் வேலை, அதற்குக் கீழே இருப்பவர்களை நிறுத்திவிடலாம். பட்டியலில் நாலு என்ற எண் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சித்தூர்க்காரர், இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவர். சண்டை போட வரவில்லை. இரண்டு ஷீட்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“சார், அங்கயும் கடைசி ஆளுக்கு முன்னால மூணு பேரு கீறாங்கோ. அவரு மட்டும் எப்டி மூணாவது ஆனாரு?”

இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவன் என்ற கர்வமெல்லாம் அப்படியே இறங்கிப்போனது. அன்றே கடிதம் எழுதினேன். திருப்பதி ஷீட்டில் சமமாக வந்தவர்களுக்குப் பிறகு எண்ணைத் தாண்டாமல் போட்டது என் தவறு, இரண்டு லைனையும் ஒரே முறையில் பார்த்து இருவரையும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ஒரே முறையில்தான் பார்த்திருந்தார்கள். தவறைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருப்பதிக்காரரும் நாலாவதுதான், அவரையும் நிறுத்தியாயிற்று.

சித்தூர்க்காரர் அதைக் கேட்டுப்போக வந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தார்.

“நா அவரப் பத்தி கேக்கல சார். என்னப் பத்திதான் கேட்டேன்.”

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாத ஸ்டேட்மெண்டை ஆறு பேருக்குப் போட்டேன்.