முடிக்குப் பின்னால் இருந்த முகம்

தையல்நாயகிக்கு முடி என்றால் அப்படி ஒரு முடி. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவள் சோப்புப் பெட்டி அடுக்கும் கம்பெனியில் பாதிப் பெண்களுக்கு அதன்மேல் ஒரு கண். அவளுக்கோ அந்த முடியைக் கண்டாலே ஆகாது. வெட்டி எறியவும் மனம் வராது. பிள்ளை பிடித்துக்கொண்டு தூங்கிய முடி.

ஆகாமல் போனதற்குக் காரணம் ஒரு போட்டோ. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. தலைக்குக் குளித்து, முடியைக் காயவிட்டபடி அவள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். தோளுக்குப் பின்னாலிருந்து மகன் புருஷோத்தமன் எட்டிப் பார்க்கிறான். நாலு வயது. யாரோ கூப்பிட்டார்கள் என்று அவள் திரும்பிய நேரம் பார்த்து படத்தை எடுத்துவிட்டார்கள். முடி போய் அவன் முகத்தில் பாதியை மூடிக்கொண்டது. அடுத்த மாதமே காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டான். அவனுக்கென்று இருக்கும் ஒரே படம் அதுதான். சோற்றுக்கே இழுபறியான வீட்டில் யார் போட்டோ எடுத்து வைத்தார்கள்?

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. மறைந்த அந்தப் பாதி முகம் கொஞ்ச நாளாக அவள் நினைவிலும் வர மறுத்தது. கண்ணை மூடினால் போட்டோவில் தெரியும் பாதிதான் வந்தது. பெற்றவளுக்குப் பிள்ளை முகம் மறக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், மறக்கும். புருஷன் கலியமூர்த்தியிடம் கேட்டால், "அந்தப் பேச்ச எடுக்காதன்னு சொல்லியிருக்கேன்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் நிர்மலா ஒரு சேதி கொண்டுவந்தாள். ஊருக்குள்ளேயே முதலியார்பேட்டையில் பியூட்டி பார்லரை ஒட்டி ஒரு ஸ்டுடியோ. முடியைக் குட்டையாக வெட்டினால் நமக்கு எடுக்குமா எடுக்காதா என்று, கத்திரி படுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் வெட்டிக் காட்டுகிறார்களாம்.

"என் முடிக்குப் பின்னாடி ஜன்னல் இருந்திச்சிக்கா. முடிய எடுத்ததும் கம்பி அத்தினியும் அப்டியே தெரியுது!"

அதற்கப்புறம் தையல்நாயகிக்கு வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டோவோடு போய் நின்றாள். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் ஃபரீஹா, இருபத்தைந்து வயதுப் பெண். அவளிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "கழுத்தோட வெட்டினா எப்டி இருக்கும்னு பாக்கணும்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஃபரீஹா படத்தை ஸ்கேன் செய்து, அதன்மேல் ஒரு நகல் வைத்து, புதிய முடிக்குக் கழுத்தளவில் விளிம்பு வரைந்தாள். ஓரம் கத்தரித்த காகிதம் மாதிரி நிற்கக் கூடாதென்று நாலைந்து இழைகளை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்துவிட்டாள். பிறகு விளிம்புக்கு வெளியே மிச்சமிருந்த முடியின்மேல், பக்கத்துச் சுவரின் பச்சையைத் துண்டு துண்டாக எடுத்து அப்பிக்கொண்டே வந்தாள். தையல்நாயகி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். முடி குறையக் குறைய சுவர்தான் வந்தது. பாதி முகம் மட்டும் அந்தரத்தில் நிற்பது நன்றாக இல்லை. கேட்டது முடியைத்தானே என்று ஃபரீஹா அதையும் சுவராக்கிவிட்டாள்.

"ஐயோ, எம்புள்ள! எம்புள்ள எங்கடி?"

பார்லர் வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பதறிப்போன ஃபரீஹா மேலே இருந்த நகலை மறைத்ததும், அடியில் பழைய படம் பத்திரமாக இருந்தது. அழுகையோடு அழுகையாக தையல்நாயகி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்ட பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, முடிக்குப் பின்னாடி படத்துல ஒண்ணும் இல்லக்கா. கேமரா பாத்தது முடிய மட்டுந்தான். பின்னாடி வர்றதெல்லாம் பக்கத்துல இருக்கறத வெச்சி நானா போடறது."

"அப்ப நிர்மலாவுக்கு வந்த ஜன்னலு?"

"அதுவும் நான் ஒட்டின கம்பிதாங்க்கா."

தையல்நாயகி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி அனுப்ப ஃபரீஹாவுக்கு மனசு கேட்கவில்லை.

"தெரியற பாதியத் திருப்பி அந்தப் பக்கம் வெச்சிப் பாக்கட்டுமாக்கா? முழு மொகமா வரும். ஆனா அவன் நெசமா அப்டித்தான் இருந்தான்னு என்னால சொல்ல முடியாது."

திருப்பி வைத்து, நடுவில் தெரிந்த கோட்டைத் தேய்த்து மறைத்தாள். இரண்டு கண்ணும் இரண்டு காதுமாக ஒரு பையன் சிரித்தான். தையல்நாயகியின் கை தானாகத் திரையைத் தொடப் போனது.

"தம்பி இப்டித்தான் இருந்தானாக்கா?"

அவள் பார்த்தாள். அந்தப் பக்கக் கன்னத்தில் மச்சம் இருந்ததா? புருவம் கொஞ்சம் ஏறியிருந்ததா? ஆமாம் என்று சொல்ல வரவில்லை. இல்லை என்றும் சொல்ல வரவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தை முன்னால் வைத்துக் கேட்டும் பதில் தெரியாமல் போனதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது.

"அழிச்சிடும்மா" என்றாள்.

"ஏங்க்கா, நல்லா வந்திருக்கே. பிரிண்ட் போட்டுத் தரேனே?"

"நல்லா வந்திருக்கு. அதனாலதான் வேணாங்கறேன். வீட்டுல மாட்டினா நாளைக்கே இவந்தான் அவன்னு நெனச்சிடுவேன். அப்புறம் எம்புள்ள எங்க போவான்?"

ஃபரீஹா அழித்தாள்.