உபயம் எழுதிய பை

அருப்புக்கோட்டையில் தானியக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லி எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அறுபதுகளின் நடுவில், திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்து, கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருஷம் அது. கடைக்காரர்கள் சேர்ந்து வசூல் செய்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பையும் சிலேட்டும் வாங்கித் தருவதாக ஏற்பாடு.

"படிச்சதும் கண்ணுல தண்ணி வரணும் டீச்சரம்மா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரார் அழுதுதான் என் பிள்ளைகள் எழுத வேண்டுமா? ஒட்டிய வயிறு, கந்தல் சட்டை என்றெல்லாம் எழுத மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க இஷ்டப்படி எழுதுங்க," என்று காத்திருந்து வாங்கிப்போனார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். சொந்த நிலத்தில் பயிர் செய்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. கிணறு வற்றியபின் அவள் அப்பா கரி சுடும் மூட்டத்துக்கு விறகு வெட்டப் போய்க்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு வரிசையில் மட்டும் அவள் நிற்க மாட்டாள். "வீட்ல சோறு இருக்கு டீச்சர்," என்று ஓடுவாள். போன வேகத்தில் திரும்பியும் வந்துவிடுவாள். அவளுடைய சிலேட்டு என்றோ உடைந்து, பாதிதான் கையில் இருந்தது.

நோட்டீஸை அந்தச் சிலேட்டிலிருந்துதான் தொடங்கினேன். "மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் இருப்பது பாதி சிலேட்டு. இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதிப் பாடத்தை முடித்துவிடுகிறாள். முழு சிலேட்டு கிடைத்தால் கொஞ்சம் பெரிதாக எழுதுவாள்." அதற்குக் கீழே என்னென்ன தேவை, எந்தக் கடையில் கொடுக்கலாம் என்ற விவரம். ஊர்ப் பெயரும் இல்லை, பிள்ளை பெயரும் இல்லை. எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பருத்தி ஏற்ற வந்த லாரியில் சாமான்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு பையின் நடுவிலும் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்று போட்டு, கீழே கொடுத்த கடையின் பெயர். சிலேட்டுச் சட்டத்திலும் அதே. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கோயில் மணியானாலும் தண்ணீர்ப் பானையானாலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிட எழுத்துதான் அதிகம். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. மற்றப் பிள்ளைகளும் நினைக்கவில்லை.

அவளும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். சிலேட்டு முழுக்க ஒரே ஒரு 'அ' எழுதிக் காட்டினாள். "இத வேற யாருக்காச்சும் குடுங்க டீச்சர்," என்று பழைய பாதியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் அப்பா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"கோயில்ல தொங்குற சரவிளக்குல எங்க அய்யா பேருதான் இருக்கு, டீச்சர். அந்தக் கோயில் வழியா எம்மக அடுத்தவுக பேரத் தோள்ல மாட்டிக்கிட்டு வாரா. என்னால பாக்க முடியல. இப்படித்தான் படிக்கணும்னா அவ வீட்ல இருக்கட்டும்."

நன்றாகப் படிக்கிற பிள்ளை. "ரெண்டு நாள் பொறுங்க," என்று கெஞ்சி அனுப்பினேன். அவளிடமிருந்து சிலேட்டையும் பையையும் வாங்கி, சட்டத்து எழுத்தைப் பிளேடால் சுரண்டினேன். பையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மறுபடி தைத்தேன். துணி மெலிசு. சிவப்பெழுத்து இடவலம் மாறி அப்படியே தெரிந்தது.

இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போனேன். பெயர் போடாத பை ஒன்று கிடைக்குமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஆசையாக் குடுத்தவுகளுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? பேரு இல்லாமக் கேட்டா அடுத்த வருஷம் யாரு குடுப்பாக?" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, "நான் வேணா ஒண்ணு எங் கைக்காசுல வாங்கித் தாரேன். யாருக்கும் தெரிய வேணாம்," என்றார்.

அந்தப் பையை எடுத்துக்கொண்டு மறுநாள் நான் வகுப்புக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். நான் தைத்துக் கொடுத்த பை துவைத்து மடித்திருந்தது. உள்ளே சிலேட்டு.

"அப்பா திருப்பிக் குடுத்துரச் சொன்னாக டீச்சர்."

புதுப் பையை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யார்ட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுன்னாக. எம் பழைய சிலேட்டு இருக்கா?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்து பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வந்தாள். பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அம்மாவோடு விறகு கட்டப் போய்விட்டாள் என்றார்கள். மறுபடியும் போனேன். அதே பதில்தான்.

அடுத்த வருஷமும் மழை இல்லை. நோட்டீஸ் நன்றாக வேலை செய்தது என்று அண்ணாச்சிமார் அதையே திரும்ப அச்சடித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒட்டியிருந்ததை நின்று படித்தேன். முழு சிலேட்டு கிடைத்தால் கொஞ்சம் பெரிதாக எழுதுவாள் என்றுதான் அதில் இன்னும் இருந்தது.