அசையாத பத்திரம்

முதலீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘மாசக்கடைசி’. மாதக் கடைசி வேலை நாளில் மட்டும்தான் அவளை எல்லோரும் தேடுவார்கள். அன்றுதான் கணினி நிரல் ஓடி, ஓய்வூதியக்காரர்களின் பணத்தை எந்த முதலீட்டில் எவ்வளவு வைப்பது என்று புதிதாகக் கணக்கிடும். கணக்கு எளிது. மூன்று மாதத்தில் எதன் விலை அதிகம் ஆடியதோ அதற்குக் குறைந்த பங்கு, குறைவாக ஆடியதற்கு அதிகப் பங்கு. ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு ஆடினால், அதற்குப் பாதிப் பங்குதான்.

அன்று திரையில் ஓர் எண் அவள் கண்ணில் பட்டது. பன்னிரண்டு சதவீதமாக இருந்த ஒரு கடன் பத்திரத்தின் பங்கு அறுபத்திரண்டுக்குப் போயிருந்தது. தோண்டிப் பார்த்தாள். கிட்டத்தட்ட மூன்று மாதமாக அதை யாருமே வாங்கவோ விற்கவோ இல்லை. விலை தரும் நிறுவனம் பழைய விலையையே தினமும் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதனால் அதன் ஆட்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

“இந்த ஆர்டர அனுப்பாதீங்கண்ணே,” என்றாள், சந்தையில் வாங்கி விற்கும் டீலரிடம்.

“நானே கேக்கணும்னு இருந்தேன். இவ்ளோ வாங்கணும்னா விக்க ஒரு ஆளாவது வேணாமாம்மா? நான் போயி யார் கால்ல விழறது?”

பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை. “மனுசக் கை படாத கணக்குன்னு சொல்லித்தானே பணம் போடற ஆளப் பிடிக்கிறோம். இன்னிக்கு நீ கை வச்சா, நாளைக்கு நான் வைப்பேன். உனக்கே தெரியும், இந்த வாரம்தான் உன்ன நிரந்தரமாக்கற பேப்பர் மேல போகுது.”

தெரியும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பேப்பருக்காக அம்மா வாரம் தவறாமல் கேட்கிறாள். விதியை மதிக்கிறோமா, விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமா? எதுவும் புரியாத அளவுக்கு அவளுக்குக் களைப்பாக இருந்தது.

“சார், அது அமைதியா இல்ல. மூச்சு நின்னுருக்கு. நிரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நமக்குமா?”

மேனேஜர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். “எழுதிக் கையெழுத்துப் போடு. இந்த மாசம் பழைய பங்கே இருக்கட்டும். ஆனா இது உன் பேர்லதான் போகும், என் பேர்ல இல்ல.”

அவள் எழுதினாள். டீலர் பெருமூச்சு விட்டு ஆர்டர்களை நீக்கினார்.

வாரக் கடைசியில் பேப்பர் திரும்பி வந்தது. ‘நடைமுறை மீறல், ஆறு மாதம் கழித்துப் பரிசீலிக்கலாம்.’

“என்ன ஆச்சுடி?” என்று போனில் அம்மா கேட்டாள்.

“இன்னும் ஆறு மாசம் ஆகும்மா.”

“ஏதாவது தப்புப் பண்ணியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எந்தச் சொல்லால் விளக்குவது? “தப்பா இருந்ததத் தடுத்தேம்மா,” என்றாள்.

“அதுக்கா தண்டனை? நல்லாருக்கு உங்க ஆபீசு!” என்று அம்மா கோபப்பட்டாள். அந்தக் கோபம் அவளுக்காகத்தான். அதைக் கேட்டபடியே, அசையாத விலையை இனி நிரலே பிடித்துக் காட்டும்படி அதைத் திருத்தி எழுதத் தொடங்கினாள்.