சந்தேகக் குறி இல்லாத வரி

ஆவணப் பிரிவில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் மாடிப்படி திரும்பும் இடத்தில், "கேள்விக்குறி வந்தாச்சா?" என்று யாராவது கேட்பது அவள் காதில் விழத்தான் செய்யும். கண்டுகொள்ள மாட்டாள். ஐம்பத்தாறு வயதில், முதுகுவலியோடு, மூன்று மாடி ஏறி வருகிறவளுக்கு இதற்கெல்லாம் கோபப்பட எங்கே தெம்பு?

வேலை இதுதான். பழைய பத்திரிகை நறுக்குகளைக் கீழ்த்தளத்தில் ஸ்கேன் செய்வார்கள். படத்தைப் பார்த்து இயந்திரம் எழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்து கொடுக்கும். அது வாசிக்கிற அழகு தெரிந்ததுதான். காகிதம் பழுப்பேறியிருந்தால் ஒன்று சொல்லும், மை ஊறியிருந்தால் இன்னொன்று சொல்லும், மடிப்பு விழுந்த இடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அந்தக் கோலத்தைப் படித்து, ஐந்தாறு வரியில் செய்தியைச் சுருக்கி எழுத வேண்டும். தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தைத்தான் படிப்பார்கள். படத்தைத் திறந்து பார்க்கும் புண்ணியவான் நூற்றில் ஒருவர்.

அவள் எழுதும் சுருக்கம் பார்க்க லட்சணமாக இருக்காது. தெளிவில்லாத சொல்லை இயந்திரம் தந்தபடியே போட்டுப் பக்கத்தில் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வைப்பாள். தன் ஊகத்தைத் தனியாகக் கீழே எழுதி, ஊகம் என்று சொல்லியும் விடுவாள். எண்களில் மூன்றா எட்டா என்று தெரியாவிட்டால் இரண்டையும் எழுதுவாள். பிரிவுத் தலைவருக்கு இது ஆகவே ஆகாது.

"ஏம்மா, படிக்கிறவங்க மனுஷங்கதானே? வழி நெடுக முள்ளு போட்டு வச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் சுத்தமா எழுதினா என்ன?"

"முள்ளு நான் போட்டது இல்ல சார். அங்கயே கிடக்கு. நான் காட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

இந்தப் பதிலை வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லிச் சொல்லி அலுத்தும் போய்விட்டது.

இத்தனைக்கும் அவள் பிறவிச் சந்தேகக்காரி இல்லை. இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். பிழையைக் கண்டால் கை தானாகப் போய்த் திருத்தும். மற்றவர்கள் வீட்டில் கோணலாகத் தொங்கும் படத்தைக்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். அச்சகம் மூடியதும் இங்கே வந்தாள், பதினோரு வருஷத்துக்கு முன்னால். வந்த முதல் வருஷம் அவளைப் போல் சுத்தமாக எழுதியவர்கள் யாருமில்லை. பிரிவுத் தலைவர் அவளுடைய சுருக்கங்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார். மறு வருஷம், அவள் திருத்தி எழுதிய ஓர் ஆண்டு தவறு என்று ஒரு பேராசிரியர் படத்தோடு வந்து நின்றார். அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கேள்விக்குறி. முதல் வருஷத்து வேலையை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. புதுசே குவிந்து கிடக்கும்போது பழசை எவள் கிளறுவாள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். அறுபத்து நான்கு, அறுபத்தைந்து இருக்கும். துணிப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது இங்க எழுதினதுதானாம்மா?"

நம் கேள்விக்குறி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு பஞ்சாலைக் கிடங்கில் தீப்பிடித்த செய்தி. பதினான்கு பேர் கருகிப்போனார்கள், ஆறு பேரை இன்னாரென்று அடையாளம் காண முடியவில்லை. கடைசி வரி இப்படி முடிந்தது: 'தீயைக் கண்ட காவலாளி சாவிக்கொத்துடன் பின்வாசல் வழியே தப்பி ஓடினார், போலீசார் தேடி வருகின்றனர்.'

"அந்தக் காவலாளி எங்கப்பா," என்றாள் வந்தவள். "எனக்கு அப்ப ஏழு வயசு. காலையில போனவர் திரும்பி வரல. எரிஞ்சுபோயிட்டார்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொன்னாங்க. ஊர்ல யாரும் மறுத்தும் பேசல. இப்ப அந்த இடத்துல நினைவுக்கல் வைக்கிறாங்க. பேர் குடுக்கப் போனா, கமிட்டிச் செயலாளர் இந்தத் தாளை நீட்டுறார். ஓடிப்போனவர் பேரைச் செத்தவங்களோட எப்படிம்மா போடுறதுங்கிறார். வெள்ளிக்கிழமை கல்லுல எழுத்து வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

சுருக்கத்தின் அடியில் எழுதியவரின் எண் இருந்தது. ஏழு. பிரிவில் ஏழாம் எண் யாருடையது என்பது நம்மவளுக்குத் தெரியாதா என்ன? பதினோரு வருஷமாகத் தினம் அதைப் போட்டுத்தானே வேலையை முடிக்கிறாள். பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள், அவள் வந்து சேர்ந்த முதல் வருஷம். வரி முழுவதும் தேடினாள். ஒரு சந்தேகக் குறி இல்லை. வழவழவென்று ஓடியது.

"உட்காருங்கக்கா," என்றாள். "படத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

முதலில் இயந்திரம் அன்று கொடுத்த எழுத்தைத் திறந்தாள். 'தீ பரவியதைக் கண்ட காவலாளி சைக்கிளைத் திருடிய ஆசாமி சாவிக்கொத்துடன் பின்வாசலை நோக்கி சந்தில் புகுந்து தப்பி ஓடினார். உள்ளே சிக்கியிருந்த விட்டான். போலீசார் தேடி' என்று போய், அதற்கப்புறம் புள்ளியும் கோடுமாகச் சிதறி, 'வருகின்றனர்' என்று முடிந்தது. பிறகு படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை.

நறுக்கை வெட்டியவர் பக்கத்துப் பத்தியையும் சேர்த்து வெட்டியிருந்தார். இரண்டு பத்திக்கும் நடுவில் இருந்த கோடு மங்கிப் போயிருந்தது. இயந்திரம் அதைப் பார்க்காமல், இடது பத்தியில் ஒரு வரி, வலது பத்தியில் ஒரு வரி என்று குறுக்கே வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. இடது பக்கம் தீ விபத்து. வலது பக்கம் எவனோ ஒரு சைக்கிள் திருடன். சந்தில் புகுந்து தப்பியவன் அவன். போலீசார் தேடியதும் அவனைத்தான்.

இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அது குழம்பியதைக் குழப்பமாகவே கொடுத்திருந்தது. தீ விபத்தில் சைக்கிள் எங்கே வந்தது என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். பிழை திருத்துகிற கை கேட்கவில்லை. சைக்கிளைத் தூக்கி வெளியே போட்டது, ஆசாமியைத் தட்டிவிட்டது, மிச்சத்தை ஒட்டுப்போட்டு ஒழுங்காக ஒரு வாக்கியமாக்கி, ஒரு மனிதனை ஓடிப்போனவன் ஆக்கிவிட்டது.

"அக்கா," என்றாள். "இதை எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன்."

வந்தவள் அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரையைத் திருப்பி இடது பத்தியை மட்டும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். 'தீ பரவியதைக் கண்ட காவலாளி சாவிக்கொத்துடன் பின்வாசலை நோக்கி ஓடினார். உள்ளே சிக்கியிருந்த...' அதோடு சரி. அதற்குக் கீழே மடிப்பு. இரண்டு வரியைக் காகிதமே தின்றுவிட்டது. கீழ்த்தளத்துக்குப் போய் மூல நறுக்கையே எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மடிப்பில் கிழிசல்தான் இருந்தது. ஓர் எழுத்தின் தலைப்பக்கம் தெரிந்தது, 'க'வாக இருக்கலாம், 'த'வாகவும் இருக்கலாம். அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுபோனது. பெரிய நூலகத்துக்குப் போன் போட்டாள். அந்த மாதத்துத் தொகுப்பு அவர்களிடமும் இல்லை.

"கதவைத்தாம்மா திறந்திருப்பார்," என்றாள் மகள். "சாவியை எடுத்துட்டு வாசலுக்கு வேற எதுக்கு ஓடுவார்? உள்ள சிக்கினவங்களைக் காப்பாத்தக் கதவைத் திறந்தார்னு எழுதிடேன். நீ எழுதினா நம்புவாங்கல்ல?"

நம்புவார்கள். அதுதான் கஷ்டம். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வரிதானே? பதினோரு வருஷத்துப் பாவத்தை ஒரே வரியில் கழுவிவிடலாம். கைகூட விசைப்பலகைக்குப் போய்விட்டது. அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். சைக்கிளைத் தூக்கி எறிந்ததும் இதே கைதான்.

"முடியாதுக்கா. அன்னைக்கும் இப்படித்தான், இல்லாததை நானா நிரப்பினேன். நாளைக்கு யாராவது படத்தைப் பார்த்து, இது எங்க இருக்குன்னு கேட்டா, உங்கப்பா பேர்ல இருக்கிற நல்லதும் சேர்ந்து போயிடும்."

"அப்ப வெறும் கேள்விக்குறிதானா எங்கப்பாவுக்கு?"

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உட்கார்ந்து எழுதினாள். காவலாளி சாவிக்கொத்துடன் பின்வாசலை நோக்கி ஓடினார் என்பது தெளிவாக உள்ளது. அடுத்த இரு வரிகள் மடிப்பில் அழிந்துள்ளன; அவர் என்ன செய்தார் என்பது இந்த நறுக்கிலிருந்து தெரியவில்லை. தப்பியது, போலீசார் தேடியது ஆகிய இரண்டும் பக்கத்துப் பத்தியின் திருட்டுச் செய்தியைச் சேர்ந்தவை. முந்தைய சுருக்கம் தவறு. தவறு செய்தவர் ஏழாம் எண். கடைசி வாக்கியத்தைப் பார்த்துப் பிரிவுத் தலைவர் முகம் சுளித்தார்.

"அலுவலகத் தவறுன்னு போட்டா போதாதா?"

"அலுவலகத்துக்குக் கை இல்லையே சார்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்தே கமிட்டிச் செயலாளருக்குப் போன் செய்து, புதிய சுருக்கத்தைப் படித்துக் காட்டினாள். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சட்டென்று முடிக்க நினைப்பவர்.

"ஏங்க, தெரியல தெரியலன்னு எழுதியிருக்கீங்களே, இதை வச்சு நான் என்ன பண்றது? அவர் ஓடினாரா இல்லையா?"

"வாசலை நோக்கி ஓடினார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"சரி, அவர் தப்பிப் போனார்ங்கிறதுக்கு உங்ககிட்ட வேற ஆதாரம் ஏதாவது இருக்கா? வேற பத்திரிகை, போலீஸ் பதிவு?"

"இல்லைங்க. உங்ககிட்ட இருக்கா?"

"எங்ககிட்ட உங்க தாள்தாங்க இருந்துச்சு."

"அப்ப மொத்த ஆதாரமும் நான் எழுதின அந்த ஒரு வரிதான்," என்றாள். சொன்னபிறகுதான் அது எவ்வளவு கனமான வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது.

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. "ஆறு பேர் அடையாளம் தெரியாம இருக்காங்க," என்றார் செயலாளர் கடைசியில், குரலை இறக்கி. "வீட்டுக்குத் திரும்பாத மத்த அஞ்சு பேரோட பேரை, குடும்பம் சொன்னதை வச்சே சேர்த்துட்டோம். இவருக்கு மட்டும்தான் ஆதாரம் கேட்டோம். பேரைச் சரியா எழுதி அனுப்பச் சொல்லுங்க. வெட்டச் சொல்லிடுறேன்."

மகள் எழுந்துகொண்டாள். புதிய சுருக்கத்தை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, பழைய தாளின் மேலேயே வைத்து மடித்துப் பைக்குள் போட்டாள். கதவருகில் நின்று திரும்பினாள்.

"எங்கம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. நல்லவேளை, இந்தத் தாள் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க," என்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கேள்விக்குறி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கண் எரிந்தது. இன்றைக்கான நறுக்குகள் இருபத்தாறு, தொடாமலே கிடந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் வருஷத்துப் பட்டியலைத் திறந்து, ஏழாம் எண் எழுதியவற்றைத் தேடும்படி கணினிக்குச் சொன்னாள். ஆயிரத்து நாற்பது சுருக்கங்கள். அவற்றில் சந்தேகக் குறி உள்ளவை எத்தனை என்று கேட்டாள்.

ஒன்றுகூட இல்லை என்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் படத்தைத் திறந்தாள்.