பாதி பவரில் ஒரு முட்டை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊரில் பாதிக் கட்டடங்களின் பொத்தான்கள் அத்துப்படி. ஆனால் சமையலறையில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கப்பில் முட்டை. அதுவும் மனைவி சொல்லிக்கொடுத்தது. ஒரு முட்டை, அதுபோல இரண்டு மடங்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நுரைக்காமல் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, மேலே ஒரு தட்டை மூடி, மைக்ரோவேவில் மூன்று நிமிடம். அவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்முன் அவள் படுக்கையில் கண்ணைத் திறக்காமலே, "எடுத்ததும் திறக்காதீங்க, ரெண்டு நிமிஷம் விடுங்க" என்பாள். இருபது வருஷமாக அதுதான் அவருடைய காலை உணவு.

இப்போது அவள் பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் ஒன்றிரண்டு எழுத்துதான் மிச்சம். விழுங்கும் பயிற்சி தரும் பெண் ஸ்பூனும் கையுமாக மனைவியின் கழுத்தையே பார்த்தபடி சொன்னாள்:

"தண்ணியா இருக்கிறது எதுவும் வேண்டாம் சார், மூச்சுக்குழாய்ல போயிடும். கட்டியும் கூடாது. பஞ்சு மாதிரி, ஒரே பதமா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அரை கப்பாவது வாயால சாப்பிட்டா பார்க்கலாம். இல்லைன்னா மூக்கு வழியா குழாய்தான்."

"முட்டை கொடுக்கலாமா?"

"நல்லா வெந்து, தயிர் மாதிரி இருந்தா தாராளமா."

அவருக்குத் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அந்த ஒன்று அவருக்குத் தெரியுமே.

வியாழக்கிழமை காலை, வார்டுக் கோடியில் இருந்த சின்னச் சமையலறையில் மூன்று நிமிடம் வைத்தார். இரண்டாவது நிமிடத்திலேயே உள்ளே தட்டு தடதடத்தது. திறந்தால் முட்டை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாய், ரப்பராய் இறுகி, ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. நடுவில் நல்லதாகத் தெரிந்ததை எடுத்து ஊட்டினார். அதிலும் தண்ணீர் ஒளிந்திருந்தது. அவள் இருமிய இருமலில் முகம் கறுத்துப்போனது. நர்ஸ் ஓடிவந்தாள். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

கப்பைக் கழுவிக்கொண்டு நின்றவரைச் சமையலறைக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, முட்டையா அது? செருப்புக்கு அடி போடலாம் போல இருக்கு!"

"வீட்டுல மூணு நிமிஷம்தாம்மா வைப்பேன். சரியா வரும்."

"பவர் எவ்வளவு வச்சீங்க?"

"பவரா?"

"சரியாப் போச்சு. டைம் மட்டும் அமுக்கினா இது முழு பவர்லதான் ஓடும். முட்டை கொதிச்சா கெட்டுது. முதல்ல பவர் பட்டனை அமுக்கி அம்பதுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் டைம் போடுங்க. உங்க வீட்டு மெஷின்ல பவர் திருகு இருக்குமே?"

இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு திருகுகள். கீழே இருப்பதை மட்டும் அவர் திருகுவார். மேலே இருப்பதன் முள் சரியாகப் பாதியில் நிற்க, அது நகராதபடி டேப் ஒட்டியிருந்தது. டேப் பழுத்து, ஓரம் சுருண்டிருந்தது. ஓடாத லிஃப்டுக்கு முன்னால் நிற்பவரைப் போல அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

வெள்ளிக்கிழமை ஐம்பதில் இரண்டரை நிமிடம் வைத்தார். ஆட்டிப் பார்த்தார், நடுவில் இன்னும் தண்ணீர் தளும்பியது. மூடி, இன்னும் முப்பது விநாடி. இப்போது ஓரம் நின்று, நடு மட்டும் லேசாக நடுங்கியது. திறக்காமல் மூன்று நிமிடம் விட்டார். ஸ்பூனை இறக்கினால் வெட்டு வழவழவென்று விழுந்தது. ஓட்டை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இதுதான் முட்டை!" என்றாள் சமையலறைக்காரம்மா. "போங்கண்ணே, ஆறவச்சுக் கொடுங்க."

பயிற்சிப் பெண் பக்கத்தில் நின்றாள். முதல் ஸ்பூன் இறங்கியது. இருமல் இல்லை. இரண்டு. மூன்று. அவர் தன்னையறியாமல் சிரித்தார். நான்காவது ஸ்பூனுக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. பதமா வந்திருக்கு, பாரு."

அவள் இடது கையால் ஸ்பூனை அவர் பக்கம் தள்ளினாள். "நீ... ங்..." என்றாள்.

"நான் அப்புறம் சாப்பிடுறேன். இது உனக்கு."

மறுபடி தள்ளினாள். உதடு இறுக மூடியே இருந்தது. பயிற்சிப் பெண் கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு, "முட்டையில குறை இல்லை சார். அவங்களுக்குத் தெம்பு இல்லை. மூணு ஸ்பூன் போதாது. மத்தியானம் குழாய் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது. காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. வாயில் போட்டுக்கொண்டார். அதைவிட மிருதுவான பொருள் உலகத்தில் இல்லை.

அவள் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கினார். கப்பு காலியாகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.